லோன் முடிஞ்சிருச்சு: அந்த இரண்டு வரியை எழுதுவது எப்படி?

கல்விக்கடனின் கடைசித் தவணை கழிந்த அன்று வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் எந்த விசேஷமும் இருக்காது. கணக்கில் இவ்வளவு பிடித்தாயிற்று, மீதி இவ்வளவு. போன மாதமும் அதுதான் வந்தது, அதற்கு முந்தின மாதமும் அதுதான். வங்கிக்கு அது இன்னொரு பற்றுவரவு. கட்டி முடித்தவருக்கோ வாழ்க்கையில் ஒரு பெரிய நாள். கைபேசியைத் திறந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏதோ தட்டுகிறார். படித்துப் பார்க்கிறார். அழிக்கிறார். மறுபடி தட்டுகிறார்.

வீடு கட்டினால் கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிக்கலாம். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் எழுதி வைத்த வாசகங்கள் உண்டு. கடன் அடைந்ததற்கு விழாவும் கிடையாது, வழக்கமான வாசகமும் கிடையாது. சொன்னால் பணத்தைக் காட்டிக்கொள்வதாக நினைப்பார்களோ என்ற கூச்சம் ஒரு பக்கம். சொல்லாமல் விழுங்கிக்கொண்டால் பத்து வருஷம் பட்டதற்கு ஒரு அடையாளமும் இல்லாமல் போகிறதே என்ற ஆதங்கம் இன்னொரு பக்கம். ஸ்டேட்டஸைப் பார்க்கப்போகிறவர்களில் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் சித்தி பையன் இருக்கிறான். இந்த வீட்டில் கடன் இருந்ததே தெரியாத பெரியம்மா இருக்கிறார். கடன் கேட்க ஆள் தேடிக்கொண்டிருக்கும் பழைய நண்பரும் இருக்கிறார். அத்தனை பேருக்கும் ஒரே இரண்டு வரி.

அந்த இரண்டு வரியில் எது இருக்கலாம், எது கூடாது என்பதை ஒரு கடனின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் தெளிவாகும்.

ஒரு கடனின் கணக்கு

மதுரைக்குப் பக்கத்துச் சிற்றூரில் தையல் கடை வைத்திருப்பவரின் மகள் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். 2010-ல் பொறியியல் சேர்ந்தார். வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருஷத்துக்கு 4 லட்சம் கல்விக்கடன். இந்திய வங்கிகள் சங்கம் 2001-ல் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி 4 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம், வெளியாள் ஜாமீனும் வேண்டாம். ஆனால் பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா போட்டார்.

படிக்கிற காலத்திலும், படிப்பு முடிந்து அதிகபட்சம் ஒரு வருஷம் வரையிலும் தவணை கட்டத் தேவையில்லை. வட்டி மட்டும் நிற்காமல் ஏறிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்துக்குத் தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. கணக்கு எளிதாக இருக்க 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். முதல் வருஷம் வாங்கிய லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. ஆக 1,40,000 ரூபாய். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு இந்த வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலேயே வந்துவிட்டது. அதற்கு உரிய வருமானச் சான்றை வங்கியில் கொடுக்க வேண்டும். இந்த வீட்டில் அந்த விவரம் தெரியாமல் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். எனவே 2015-ல் முதல் தவணை தொடங்கும்போது பாக்கி 5,40,000.

பத்து வருஷத் தவணை போட்டால் மாதம் சுமார் 7,136 ரூபாய் வரும். முதல் மாதம் கட்டிய 7,136-ல் 4,500 வட்டிக்கே போய்விட்டது. அசலில் குறைந்தது 2,636 மட்டும். ஐந்து வருஷம் விடாமல் கட்டி, 4.28 லட்சம் கொடுத்த பிறகும் பாக்கி 3.36 லட்சம் நின்றது. வாங்கியதே 4 லட்சம் என்பதை நினைத்துப் பார்த்தால், பாதி வழியில் கடனாளிக்கு வரும் சோர்வு எங்கிருந்து வருகிறது என்பது புரியும். 120 தவணையும் முடிந்து 2025-ல் கூட்டிப் பார்த்தால் கட்டியது 8.56 லட்சம்.

இந்தப் பெண் ஸ்டேட்டஸில் எந்தத் தொகையைப் போடுவார்? 4 லட்சம் என்றால், வெளிநாட்டுப் படிப்புக்கு 30 லட்சம் வாங்கியவர் ‘இதுக்கா இவ்வளவு’ என்பார். 8.56 லட்சம் என்றால், கடனே கிடைக்காமல் படிப்பை நிறுத்தியவருக்கு அது பெரிய இடத்துப் பேச்சாகப் படும். எந்தத் தொகையைப் போட்டாலும் படிப்பவர் அதைத் தன் கையிருப்போடு ஒப்பிடத் தொடங்கிவிடுவார். அந்த எண்ணுக்குள் இருந்த பத்து வருஷம் அவர் கண்ணில் படாது. இந்தக் கதையில் கேட்பவருக்கு உடனே விளங்குபவை வேறு இரண்டு: எத்தனை வருஷம் ஆனது, யார் கையெழுத்துப் போட்டார்கள்.

காகிதம் வந்த பிறகு

எழுதுவதற்கு முன்னால், கடன் உண்மையிலேயே முடிந்ததா என்று பார்த்துவிடுவது நல்லது. கடைசித் தவணை பிடித்த அன்றே போஸ்ட் போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து ‘நிலுவை உள்ளது’ என்று வங்கியிலிருந்து போன் வந்து சங்கடப்படுவது நடக்கக்கூடியதுதான். இடையில் வட்டி விகிதம் மாறியிருக்கும். ஒரு மாதம் தவணை இரண்டு நாள் தாமதமாகப் போயிருக்கும். கணக்கில் பணம் போதாமல் திரும்பியதற்கு ஒரு அபராதம் ஏறியிருக்கும். கொரோனாவுக்காக 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையை நிறுத்தி வைக்கும் சலுகையை எடுத்தவர்களுக்கு அந்த ஆறு மாத வட்டியும் பாக்கியில் சேர்ந்திருக்கும். இப்படிச் சில நூறோ சில ஆயிரமோ வால்போல் ஒட்டிக்கொண்டிருந்தால் கணக்கு மூடப்படாது. கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தச் சிறு தொகையே 90 நாள் தாண்டினால் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடலாம்.

ஆகவே கிளைக்கு நேரில் போய், இன்றைய தேதிக்குப் பாக்கி எவ்வளவு என்று கேட்க வேண்டும். அதைக் கட்டிவிட்டு, கணக்கு மூடப்பட்டதற்கான கடிதத்தையும் ‘நோ டியூ’ சான்றிதழையும் வாங்கிக்கொள்ள வேண்டும். மாதாமாதம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்த உத்தரவை நிறுத்தச் சொல்ல வேண்டும். எல்.ஐ.சி. பாலிசியை வங்கி பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் அதைத் திரும்பத் தன் பெயருக்கு எழுதி வாங்க வேண்டும்.

பெரிய கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்தவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பத்திரத்தை ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். வங்கி அதற்கு ரத்து ரசீது பதிந்து கொடுத்தால்தான் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் தீர்ந்ததாகத் தெரியும். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பொறுப்பையும் நீக்க வேண்டும் என்றும், வங்கியின் பக்கம் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் ஈடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

ஒரு மாதம் போல விட்டு, சிபில் அறிக்கையையும் பார்க்கலாம். வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. கடனுக்கு நேராக Closed என்றும் பாக்கி பூஜ்யம் என்றும் இருக்க வேண்டும். வங்கியோடு பேசி, மொத்தப் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டி முடித்துக்கொண்டவர்களுக்கு அங்கே Settled என்று வரும். அதுவும் ஒரு முடிவுதான், நிம்மதியும் உண்மைதான். ஆனால் நாளைக்கு வேறு கடன் கேட்கும்போது வங்கி அதை முழுதாகக் கட்டியதற்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. அப்படி முடித்தவர்கள் ‘ஒரு பைசா பாக்கியில்லாமல் கட்டிவிட்டேன்’ என்று எழுதாமல், ‘கல்விக்கடன் விவகாரம் இன்றோடு முடிந்தது’ என்று எழுதினால் பொய்யும் இல்லை, குறைவும் இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கூட்டுக் கடனாளி என்பதால் அப்பாவின் சிபில் அறிக்கையிலும் இதே கடன் இத்தனை வருஷமும் நின்றிருக்கிறது. மகள் ஒரு தவணை தவறியிருந்தால் அவர் பெயரிலும் அது விழுந்திருக்கும். கடன் தீர்ந்தபோது தீர்ந்தது இரண்டு பேருடைய கடன். போஸ்ட்டில் அப்பாவின் பெயரைச் சேர்ப்பதைப் பாசம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வங்கிப் பதிவேட்டில் இருப்பதும் அதுதான்.

ஸ்டேட்டஸுக்கு முன்னால் ஒரு போன்

சம்பந்தப்பட்டவர்கள் இந்தச் சேதியை ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது. அப்பா, அம்மாவிடம் முதலில் வாயால் சொல்ல வேண்டும். 4 லட்சத்துக்கு மேல் வாங்கிய கடன்களில் வெளியாள் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். மாமாவாக இருக்கலாம், அப்பாவோடு வேலை பார்த்தவராக இருக்கலாம், பள்ளிக்கூடத்து வாத்தியாராகக்கூட இருக்கலாம். தவணை தவறினால் வங்கி தன்னைத்தான் தேடும் என்ற நினைப்பு அவர் மனதின் ஓரத்தில் இருந்துகொண்டே இருந்திருக்கும். ‘மாமா, லோன் முடிஞ்சிருச்சு, லெட்டரும் வாங்கியாச்சு. உங்க கையெழுத்துக்கு இனி ஒரு பாரமும் இல்ல’ என்று ஒரு போன். முடிந்தால் அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றையும் அவருக்குக் கொடுத்துவிடலாம்.

இன்னொரு கேள்வியையும் வீட்டில் கேட்க வேண்டும்: வெளியே சொல்லலாமா? பிள்ளையைக் கடன் வாங்கிப் படிக்க வைத்தோம் என்பதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லாமலே காலம் தள்ளிய வீடுகள் ஏராளம். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமாக இருக்கலாம். அம்மாவின் நகை அடகுக்குப் போன கதை, மகளுக்குப் பெருமையாகத் தோன்றினாலும் அம்மாவுக்கு அப்படித் தோன்றாமல் போகலாம். நம் உதாரணத்துப் பெண் அப்பாவிடம் கேட்டால் தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமலே இப்படி ஒரு பதில் வரும்: ‘போடு தாயி. எம்புட்டுன்னு மட்டும் போடாத.’

மூன்று வரைவுகள்

அந்தப் பெண்ணின் முதல் வரைவு சந்தோஷத்தின் சூட்டில் வந்தது:

‘டெப்ட் ஃப்ரீ!! எட்டரை லட்சம் கட்டி முடிச்சாச்சு. யார் தயவும் இல்லாம, முழுக்க என் சொந்த உழைப்பு. அடுத்தது கார்தான்!’

நான்கு வாக்கியம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ‘டெப்ட் ஃப்ரீ’ என்ற சொல் எந்தக் கடன், எதற்கு வாங்கியது என்று சொல்லவில்லை. கார் கடனை அடைத்தவரும் அதையேதான் போடுவார். தொகை என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். ‘யார் தயவும் இல்லாம’ என்பது வீறாப்பாகக் காதில் விழுவது ஒருபுறம் இருக்க, அது உண்மையும் இல்லை. ஸ்டேட்டஸைப் பார்க்கும் முதல் ஆளே கூட்டுக் கடனாளி. கடைசி வாக்கியம் சேதியையே திசை திருப்பிவிட்டது. ஒரு பாரம் இறங்கியதைச் சொல்ல வந்தவர், அடுத்து வாங்கப்போவதைச் சொல்லி முடித்திருக்கிறார். பார்ப்பவர்களின் நினைவில் நிற்கப்போவது அந்தக் கார்தான்.

கூச்சம் வந்து அதை அழித்த பிறகு, ஊசல் மறு கோடிக்குப் போனது:

‘ஏதோ ஆண்டவன் புண்ணியத்துல ஒரு சின்ன லோன் முடிஞ்சது. பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல.’

பணிவு மாதிரி தெரிகிறது. ஆனால் சொல்ல ஒன்றும் இல்லை என்றால் ஏன் சொல்ல வேண்டும் என்று படிப்பவர் கேட்பார். ‘அப்படியெல்லாம் சொல்லாதீங்க, எவ்வளவு பெரிய விஷயம்’ என்று நாலு பேர் வந்து பாராட்டுவதற்காகப் போட்ட தூண்டிலாகவும் அது படலாம். எல்லாவற்றுக்கும் மேல், மாதம் 7,136 ரூபாயை 120 முறை எடுத்து வைத்தது சின்ன விஷயம் இல்லை. அதைச் சின்னது என்று சொல்வது இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறவர்களையும் சேர்த்துத் தாழ்த்துவதாக ஆகும்.

மூன்றாவது வரைவில் உரிச்சொற்கள் எல்லாம் போயின. நடந்தது மட்டும் மிஞ்சியது:

‘2010-ல அப்பா பேங்க்ல என் பேருக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டார். பதினஞ்சு வருஷம் கழிச்சு அந்தக் கையெழுத்துக்கு இன்னிக்கு ஓய்வு. என் கல்விக்கடன் முடிஞ்சிருச்சு.’

இதில் ஒரு ரூபாய்கூட இல்லை. பெருமை, நிம்மதி, தியாகம் என்ற வார்த்தைகளும் இல்லை. ஒரு ஆண்டு, ஒரு இடம், ஒரு ஆள், ஒரு செயல். பதினைந்து வருஷம் என்பதைப் படிப்பவர் தன் அனுபவத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்வார். ‘ஓய்வு’ என்ற இடத்தில் நிம்மதி தானாக வந்து உட்கார்கிறது. சின்னக் குறையும் உண்டு: எதைப் பற்றிய சேதி என்பது கடைசியில்தான் தெரிகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முழுவதும் தெரியும் என்பதால் அது இடைஞ்சல் இல்லை. இன்ஸ்டாகிராமில் முதல் ஒன்றிரண்டு வரி மட்டும் காட்டி மீதியை மடித்து வைத்துவிடுவார்கள். அங்கே போடுவதானால் ‘என் கல்விக்கடன் முடிஞ்சிருச்சு’ என்பதை முன்னால் கொண்டுவந்துவிட வேண்டியதுதான்.

எல்லோர் கதையிலும் அப்பாவின் கையெழுத்தே நடுவில் இருக்காது. வேலை கிடைக்கத் தாமதமாகி, முதல் சில தவணைகளுக்கு நகை அடகுக்குப் போன வீட்டில், அம்மா சம்மதித்தால் இப்படி எழுதலாம்:

‘என் படிப்புக்காக அம்மா வளையல் ரெண்டு தடவை அடகுக்குப் போய் வந்துச்சு. இனிமே அது கையிலேயே இருக்கும். லோன் க்ளோஸ்.’

குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு: ‘எங்க வீட்டுக்கு வந்த முதல் டிகிரி. அதுக்கு வாங்கின கடன் இன்னிக்கு முடிஞ்சது. இப்பத்தான் அது முழுசா எங்களோடது.’

கல்யாணத்துக்குப் பிறகும் தவணை ஓடியிருந்தால், அதில் பாதியைச் சுமந்தவருக்கு ஒரு வரி வேண்டும்: ‘கல்யாணத்தப்போ நான் கொண்டு வந்த ஒரே சொத்து என் எஜுகேஷன் லோன். சிரிச்சுக்கிட்டே பங்கு போட்டுக்கிட்டவருக்கு நன்றி. முடிச்சுட்டோம்.’ கடைசிச் சொல் ‘முடிச்சுட்டேன்’ என்று இருந்தால் இந்தப் போஸ்ட்டே கெட்டுப்போகும்.

வேடிக்கையாகச் சொல்வது சிலருக்கு இயல்பு. ‘பத்து வருஷமா மாசம் அஞ்சாம் தேதி தவறாம என்னைத் தேடி வந்த ஒரே ஆள் இ.எம்.ஐ. இனிமே வரமாட்டார். கல்விக்கடன் முடிஞ்சது.’ தன்னையே கேலி செய்துகொள்ளும் தொனியில் பீற்றல் நுழைவது கடினம் என்பதால், கூச்ச சுபாவக்காரர்களுக்கு இது கை கொடுக்கும்.

அலுவலகத்துச் சகாக்கள் பார்க்கும் லிங்க்ட்இன் போன்ற இடத்தில் பேச்சுத் தமிழைக் கொஞ்சம் இறுக்கலாம்: ‘படிக்கும்போது வாங்கிய கல்விக்கடனை இந்த மாதம் அடைத்து முடித்தேன். 2010-ல் கூட்டுக் கையெழுத்திட்ட என் தந்தைக்கு நன்றி.’ இவ்வளவு போதும். அந்த மேடையில் பலரையும் இழுப்பது, இதிலிருந்து ‘கற்றுக்கொண்ட ஐந்து பாடங்கள்’ என்று தொடர்வது. ‘காபி குடிப்பதை நிறுத்தினேன், நீங்களும் முடியும்’ என்ற ரீதியில் போகும் பாடங்கள், ஆறு பேர் இருக்கும் வீட்டை ஒரே சம்பளத்தில் நடத்துகிறவரிடம் சொல்லத்தக்கவை அல்ல. கடன் முடிந்த சேதியைச் சொல்ல வந்தவர் அதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

படத்தில் என்ன இருக்கக்கூடாது

எழுத்தில் தொகையைத் தவிர்த்துவிட்டு, கீழே வங்கிக் கடிதத்தின் படத்தை அப்படியே போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கடிதத்தில் கடன் தொகை, கடன் கணக்கு எண், வாடிக்கையாளர் எண், வீட்டு முகவரி, கிளையின் பெயர், சில சமயம் பான் எண் வரை இருக்கும். ‘உங்க லோன் க்ளோஸ் ஆனதுல கொஞ்சம் ரீஃபண்ட் வரணும், ஒரு ஓ.டி.பி. சொல்லுங்க’ என்று பேசத் தயாராக இருக்கும் மோசடிக்காரருக்கு இதைவிட வேறு தகவல் தேவையில்லை. கடன் கணக்கு எண்ணையும் கிளையையும் சரியாகச் சொல்லும் குரலை வங்கிக்காரர் என்று நம்பிவிடுவது எளிது. விவரங்களைப் பேனாக் கருவியால் மெல்லிசாகக் கிறுக்கி மறைப்பதும் போதாது. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடலாம். வேண்டாத பகுதியை வெட்டிவிடுவதுதான் நிச்சயமான வழி.

படம் வேண்டுமென்றால் கல்லூரி நாளில் எடுத்தது ஒன்று, கல்லூரி அடையாள அட்டையோடு இருக்கும் அந்த முகம், பட்டமளிப்பு விழாவில் அப்பா அம்மாவோடு நின்றது, அல்லது தையல் கடையின் வாசல். புதுக் கைக்கடிகாரத்தோடு ஹோட்டலில் எடுத்த படத்தைப் போட்டுவிட்டுக் கீழே எவ்வளவு அடக்கமாக எழுதினாலும் பயனில்லை. பார்ப்பவர் படத்தைத்தான் முதலில் படிக்கிறார்.

‘எவ்வளவு?’ என்று கேட்டால்

தொகையைச் சொல்லாவிட்டாலும் கேட்கிற ஆள் கேட்கத்தான் செய்வார். ‘சூப்பர்மா, மொத்தம் எவ்வளவு ஆச்சு?’ என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் கேள்வி வரும். முறைத்துக்கொள்ளத் தேவையில்லை. ‘அது எனக்கும் பேங்க்குக்கும் நடுவுல இருக்கட்டும் அங்கிள், முடிஞ்சதுதான் சந்தோஷம்’ என்றால் அவரும் சிரித்துவிட்டுப் போவார். ‘ட்ரீட் எப்போ?’ என்று கேட்பவர்களுக்கு ‘ஊருக்கு வந்ததும் அம்மா கையால சாப்பாடு’ என்று சொல்லிவிடலாம். இனிமேல் மாதம் ஏழாயிரம் மிச்சம்தானே என்று கைமாற்று கேட்டு வருகிறவர்களுக்கும் பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பது நல்லது. தொகை வெளியே தெரியாமல் இருந்தால் அப்படி வருகிறவர்கள் கொஞ்சம் குறைவார்கள்.

தனியாகச் செய்தி அனுப்பி விசாரிக்கிறவர்களின் கதை வேறு. ‘அக்கா, எனக்கு இன்னும் அஞ்சு வருஷம் பாக்கி இருக்கு. சீக்கிரம் முடிக்க ஏதாச்சும் வழி இருக்கா?’ என்று சித்தி பையன் கேட்டால், பொதுவில் மறைத்த எண்ணெல்லாம் இங்கே தேவைப்படும். அவனுடைய கடனும் இதே கணக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம் கட்டியாயிற்று, பாக்கி 3.36 லட்சம், இன்னும் 60 தவணை. போனஸோ சீட்டுப் பணமோ வந்து ஒரு லட்சத்தை மொத்தமாகக் கட்டினால், அதே 7,136 ரூபாய்த் தவணையில் 39 மாதத்தில் கடன் முடிந்துவிடும். இருபத்தொரு மாதம் முன்னதாக முடிகிறது, வட்டியில் சுமார் 51,000 ரூபாய் மிச்சமாகிறது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இதில் தவறு நேர்வது ஒரே இடத்தில். ஒரு லட்சம் கட்டிய பிறகு, வங்கி மாதத் தவணையைக் குறைத்துவிட்டு, காலத்தை அப்படியே அறுபது மாதமாக வைத்துவிடலாம். மாதச் செலவு கொஞ்சம் இளகும், ஆனால் கடன் அதே தேதியில்தான் முடியும், வட்டி மிச்சமும் பாதி அளவுக்குக் குறைந்துவிடும். கட்டிய அடுத்த மாதமே கணக்கு விவரத்தை எடுத்துப் பார்த்தால் எது குறைந்திருக்கிறது என்று தெரியும். அதனால்தான் அக்காவின் பதில் இப்படிப் போனது: ‘தம்பி, பணம் கட்டுறப்பவே இ.எம்.ஐ. மாற வேண்டாம், மாசத்தைக் குறைங்கன்னு லெட்டரா எழுதிக் குடு. ஒரு காப்பில சீல் போட்டு வாங்கிக்கோ. போறப்ப உங்கப்பாவையும் கூட்டிட்டுப் போ, அவரும்தான கையெழுத்துப் போட்டிருக்காரு.’